நயத்தைக் குறைத்தால் ஆட்டம் ஏன் கூடுகிறது?

“ஆடினால் நயத்தைக் குறை.” கட்டுப்பாட்டுக் கருவிகளோடு வேலை செய்கிறவர்களிடையே இதைப் போல வேரூன்றிய அறிவுரை வேறில்லை. தாங்கியின் மட்டமோ அடுப்பின் வெப்பநிலையோ மேலும் கீழுமாக ஊசலாடினால், கட்டுப்படுத்தியின் நயம் கூடிவிட்டது, அதைப் பாதியாக்கு என்பார்கள். மட்டம் ஒரு வீதம் விலகினால் வால்வை எத்தனை வீதம் திருப்புவது என்ற பெருக்கம்தான் நயம். பெரும்பாலும் பலிக்கவும் செய்யும். பலிக்காத ஓர் இடம் இருக்கிறது. அங்கே நயத்தைக் குறைக்கக் குறைக்க ஆட்டம் பெருக்கும், மெதுவாகும், ஆனால் நிற்காது. வலிகாமத்தில் ஒரு சிறிய குடிநீர்ச் சுத்திகரிப்பு ஆலையில் இதைப் பார்த்த நாள் முதல் அந்த அறிவுரை என் மனதில் முள்ளாகத்தான் இருக்கிறது. அதை ஒருமுறையாவது எண்களோடு எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரின் கதை வாசகர்களுக்குத் தெரியும். சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருகிற வன்னீர். வடிகட்டி மென்மையாக்கிய தண்ணீர், உயரமுக்கப் பம்பிக்குப் போகுமுன் ஓர் இடைத்தாங்கியில் சேரும். நான் சொல்லும் ஆலையில் அது ஆயிரம் லீற்றர் தாங்கி. உள்வரும் குழாயில் ஒரு வால்வு. அதைத் திருப்ப ஒரு மின்மோட்டார். மோட்டாரின் கைநெம்பிலிருந்து வால்வின் தண்டுக்கு ஓர் இணைப்புக் கம்பி, இரு முனையிலும் முளை. தாங்கியின் மட்டத்தை ஓர் உணரி அளக்கிறது, கட்டுப்படுத்தி வால்வை எத்தனை வீதம் திறக்க வேண்டும் என்று சொல்கிறது. மட்டம் 50 வீதத்தில் நிற்க வேண்டும். 40 வீதத்துக்குக் கீழே போனால் ஓர் ஆளி பம்பியை நிறுத்திவிடும்.

ஆலை தொடங்கியபோது அந்தக் கட்டுப்படுத்தியின் நயம் 2, தொகையீட்டு நேரம் 20 நிமிடம். தொகையீடு என்பது மட்டத்தின் விலகலைக் காலப்போக்கில் கூட்டிச் சேர்த்து வால்வைத் திருப்பும் பகுதி; அந்த நேரம் குறைந்தால் அது வேகமாகச் செயற்படும். சில வருடங்கள் மட்டம் கோடு போட்டதுபோல நின்றிருக்கிறது. பிறகு ஒருநாள் அது மெதுவாக ஆடத் தொடங்கியது: 47 அரைக்கும் 52 அரைக்கும் இடையில், ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு சுற்று. அதனால் எந்தக் கெடுதலும் இல்லை. ஆனால் திரையில் தெரிகிற அலை எவருக்கும் பிடிக்காது. பராமரிப்புக்குப் பொறுப்பாக இருந்த இளைஞர் நயத்தை 1 ஆக்கினார். ஆட்டம் இரட்டித்தது. இன்னும் குறைத்து 0.5 ஆக்கினார். அன்றிரவே பம்பி நின்றது.

“அண்ணை, குறைத்தவுடன் ஒரு மணித்தியாலம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு முன்பைவிட மோசமாகிவிட்டது. இன்னும் குறைக்கவா?” என்று அவர் என்னைக் கேட்டார். அவர் செய்தது பாடப்புத்தகம் சொல்வதுதான். அவருடைய கேள்விக்குச் சரியான பதில் சொல்லப் பாடப்புத்தகத்தின் பின்பகுதிக்குப் போக வேண்டும். பல்கலைக்கழகத்தில் கடைசி வாரத்தில் அவசரமாக ஓட்டிவிடுகிற விவரிப்புச் சார்பு என்ற அத்தியாயம் அது. டிஸ்கிரைபிங் ஃபங்ஷன் என்றால் படித்தவர்களுக்கு நினைவு வரும்.

முளையில் இருந்த இடைவெளி

முதலில் ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். கட்டுப்படுத்தியைக் கையியக்கத்துக்கு மாற்றி, வால்வுக்கான கட்டளையை அப்படியே நிறுத்தி வைத்தோம். வெளியிலிருந்து ஏதோ ஒன்று தாங்கியை ஆட்டுகிறது என்றால் மட்டம் தொடர்ந்து ஆடியிருக்கும். ஆடவில்லை. ஒரு பக்கமாக மிக மெதுவாக நகர்ந்துகொண்டு போனது, அவ்வளவுதான். ஆகவே ஆட்டத்தை உண்டாக்குவது உணரி, கட்டுப்படுத்தி, வால்வு, தாங்கி என்று சுற்றி வரும் இந்தத் தடமே.

அடுத்து, கையியக்கத்திலேயே கட்டளையை ஒவ்வொரு வீதமாக ஏற்றினோம். ஓட்டமானியில் ஓட்டமும் கூடவே ஏறியது. ஒரு வீதத்துக்கு நிமிடத்துக்கு ஒரு லீற்றர் என்ற கணக்கில். பிறகு ஒவ்வொரு வீதமாக இறக்கினோம். மோட்டார் திரும்புகிறது, கைநெம்பு நகர்கிறது, ஓட்டம் அசையவில்லை. பத்து வீதம் இறங்கிய பிறகுதான் ஓட்டம் குறையத் தொடங்கியது. இணைப்புக் கம்பியின் முளையும் அதன் துளையும் தேய்ந்து போயிருந்தன. இதைத்தான் பட்டறையில் ‘பிளே’ என்பார்கள், புத்தகத்தில் பாக்லாஷ். சங்கிலி தளர்ந்த சைக்கிளில் மிதியைப் பின்னுக்குக் கொண்டுபோய் மறுபடி முன்னே மிதித்தால், சில்லு பிடிக்கும் வரை கால் சும்மா போகுமே, அதே விடயம். இங்கே இரு திசையிலும் நடக்கிறது. நிலையைச் சொல்லும் உணரி மோட்டாரின் பக்கம் பொருத்தப்பட்டிருந்ததால், திரையைப் பார்த்தவர்களுக்கு வால்வு சொன்னபடி கேட்கிறது என்றே தெரிந்தது.

இடைவெளியைக் கடக்கும் நேரத்தில் வால்வு விட்ட இடத்திலேயே நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். தண்டைச் சுற்றியுள்ள அடைப்பின் உராய்வுதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. இந்த ஊகம் பிழைக்கும் இடங்களும் உண்டு. தண்ணீரின் விசையோ ஒரு சுருள்வில்லோ தண்டை எப்போதும் ஒரே பக்கமாக அழுத்தினால் முளை ஒரே பக்கத்தில் ஒட்டியிருக்கும். இடைவெளி இருந்தும் இல்லாதது போலாகிவிடும். பழைய மெக்கானிக்குகள் நெம்பில் ஒரு சுருள்வில்லைக் கட்டிவிடுவதன் காரணம் இதுவே.

சைன் அலையாகப் பாவித்தல்

இப்போது கணக்கு. தடத்தில் இடைவெளியைத் தவிர மற்றெல்லாம் நேரியல்பானவை. இடைவெளி மட்டும் அப்படியில்லை. அதற்குள் என்ன போகிறது என்பதைப் பொறுத்து அதன் நடத்தை மாறும். சிறிய அசைவைக் கொடுத்தால் எதுவும் வெளியே வராது. பெரிய அசைவைக் கொடுத்தால் கிட்டத்தட்ட முழுவதும் வரும், கொஞ்சம் தாமதித்து. விவரிப்புச் சார்பின் எண்ணம் எளிமையானது. இடைவெளிக்குள் A வீச்சமுள்ள ஒரு சைன் அலை போகிறது என்று வைத்துக்கொள். வெளியே வருவது உச்சிகள் தட்டையான, பின்தங்கிய ஓர் அலை. அதன் அடிப்படை மீடிறன் கூறை மட்டும் எடு, மற்ற மேற்சுரங்களை விட்டுவிடு. வெளியே வந்த அடிப்படைக் கூறுக்கும் உள்ளே போன சைனுக்கும் உள்ள விகிதம் ஒரு சிக்கலெண். அதுதான் N(A). அதன் பருமன் நயம், அதன் கோணம் அவத்தைப் பின்னடைவு.

மேற்சுரங்களை விட்டுவிடலாம் என்ற துணிவு எங்கிருந்து வருகிறது? தாங்கி போன்ற ஒரு தொகுதி வேகமான அசைவுகளை விழுங்கிவிடும் என்பதிலிருந்து. மூன்று மடங்கு வேகமான கூறு தடத்தைச் சுற்றி வரும்போது நலிந்துவிடும், ஆகவே மறுபடி இடைவெளிக்குள் நுழைவது ஏறக்குறைய சைன்தான். இந்த ‘ஏறக்குறைய’ எவ்வளவு என்று பின்னால் பார்ப்போம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்த முறை பல நாடுகளில் தனித்தனியாக உருவானது. சோவியத் நாட்டில் கோல்ட்ஃபார்ப், பிரித்தானியாவில் ஆர்னல்ட் டஸ்டின், இருவரும் 1947இல் வெளியிட்டார்கள். அமெரிக்காவில் கோச்சன்பர்கர் 1950இல். டஸ்டினின் கட்டுரை நேரடியாக பாக்லாஷையே எடுத்துக்கொண்டது. கோச்சன்பர்கர் ரிலே ஆளியால் இயங்கும் தொகுதிகளை எடுத்தார். ரிலேக்கு N(A) மிக எளிது: வெளியீடு ±d என்றால் 4d/(πA), அவத்தை மாற்றமே இல்லை. இடைவெளிக்கு அப்படியில்லை. மொத்த இடைவெளி 2b என்றால்:

```
x = b/A
Re N = (1/π)[π/2 + asin(1−2x) + 2(1−2x)√(x(1−x))]
Im N = −(4/π)·x(1−x)
```

அசைவு மிகப் பெரிதானால் x பூச்சியத்தை நெருங்கும், N ஒன்றாகும். இடைவெளி இல்லாதது போல. அசைவு இடைவெளியின் பாதியளவுக்குச் சுருங்கினால் N பூச்சியத்தை நெருங்கும், பின்னடைவு 90 பாகையை நெருங்கும். வால்வுக்குப் போகும் கட்டளை சிறுக்கச் சிறுக்க, வெளியே வருவது சின்னதாகவும் மிகப் பிந்தியதாகவும் ஆகிறது. எங்கள் ஆலையில் மொத்த இடைவெளி 10 வீதம், ஆகவே b = 5.

வெட்டாமல் போக முடியாத இரண்டு கோடுகள்

ஆட்டம் தானாகவே தொடர வேண்டுமானால், ஓர் அலை தடத்தை முழுதாகச் சுற்றி வந்து தன்னையே மறுபடி உண்டாக்க வேண்டும். தடத்தின் மற்றப் பகுதி ω என்ற மீடிறனில் தரும் நயத்தையும் பின்னடைவையும் சேர்த்து L(jω) என்று அழைத்தால் நிபந்தனை L(jω)·N(A) = −1. அதாவது L(jω) என்ற வளைகோடும் −1/N(A) என்ற வளைகோடும் சிக்கலெண் தளத்தில் சந்திக்க வேண்டும். சந்திக்கிற இடத்தில் முதல் கோடு மீடிறனைச் சொல்லும், இரண்டாவது கோடு வீச்சத்தைச் சொல்லும்.

அந்த இளைஞரோடு ஒரு தாளில் இரண்டு கோடுகளையும் கீறினேன். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புகிற எல்லாமே அந்தப் படத்தில் இருக்கிறது, அதனால் மெதுவாகச் சொல்கிறேன். முதலில் −1/N(A). பெரிய A-க்கு அது −1 என்ற புள்ளியில் தொடங்குகிறது. A குறையக் குறைய அது கீழ்நோக்கியும் சற்று இடப்பக்கமாகவும் இறங்கி, கற்பனை அச்சின் கீழ்த்திசையில் முடிவிலிக்குப் போகிறது. ஒருபோதும் −1-க்கு வலப்பக்கம் வராது. மூன்றாம் கால்வட்டத்தை அது ஒரு வேலியைப் போல இரண்டாகப் பிரித்துவிடுகிறது: மறை மெய் அச்சின் தூரப்பகுதி வேலிக்கு இடப்பக்கம், தளத்தின் உற்பத்திப் புள்ளி வலப்பக்கம்.

இனி L(jω). தாங்கி ஒரு தொகையீட்டி: உள்வரவு ஒரு லீற்றர் கூடினால் மட்டம் ஏறிக்கொண்டே இருக்கும், தானாக நிற்காது. கட்டுப்படுத்தியிலும் ஒரு தொகையீடு இருக்கிறது. பிஐ கட்டுப்படுத்தியின் ‘ஐ’ அதுதான். ஆகத் தடத்தில் இரண்டு தொகையீடுகள். மிகக் குறைந்த மீடிறனில் ஒவ்வொன்றும் 90 பாகை பின்தள்ளுவதால் L(jω) −180 பாகையில், அதாவது மறை மெய் அச்சின் தூரத்தில் தொடங்குகிறது. வேலிக்கு இடப்பக்கம். மீடிறன் கூடும்போது விகிதசமக் கூறு வலுப்பெற்று, கோடு கீழ்ப்பக்கமாக வளைந்து, கடைசியில் உற்பத்திப் புள்ளியில் வந்து முடிகிறது. வேலிக்கு வலப்பக்கம். இடப்பக்கத்தில் தொடங்கி வலப்பக்கத்தில் முடிகிற கோடு வேலியை எங்காவது தாண்டியே ஆக வேண்டும்.

நயத்தைக் குறைப்பது L கோட்டைச் சுருக்குவது மட்டுமே. எவ்வளவு சுருக்கினாலும் அது தூரத்தில் தொடங்கி நடுவில்தான் முடியும், வேலியைத் தாண்டத்தான் செய்யும். தாண்டும் இடம் மட்டும் மாறும்: வேலியில் −1-க்குப் பக்கமாக நகரும். அங்கே A பெரிது, மீடிறன் சிறிது. இதைப் பார்த்தபோது அவர் பென்சிலை வைத்துவிட்டு, “அப்படியென்றால் நயத்தைத் தொட்டு இதை நிறுத்தவே முடியாதா அண்ணை?” என்று கேட்டார். முடியாது. இரண்டு தொகையீடுகளும் ஓர் இடைவெளியும் ஒரே தடத்தில் இருக்கும்வரை, எந்த நயத்துக்கும், எந்தத் தொகையீட்டு நேரத்துக்கும் ஆட்டம் உண்டு.

அந்த ஆட்டம் நிலையானதும்கூட. வீச்சம் சற்றுப் பெருத்தால் புள்ளி வேலியில் −1 பக்கமாக நகர்ந்து, L கோடு அதைச் சூழாத பகுதிக்குப் போகிறது, ஆட்டம் தணிகிறது. சற்றுச் சிறுத்தால் மறுபக்கம் போகிறது, ஆட்டம் வளர்கிறது. ஆகவே யார் தட்டினாலும், பம்பி நின்று மறுபடி தொடங்கினாலும், அதே வீச்சத்துக்கே திரும்பி வரும். லிமிட் சைக்கிள் என்பது இதுதான்.

எண்களை இட்டுப் பார்த்தல்

ஆயிரம் லீற்றர் தாங்கியில் வால்வின் ஒரு வீதம் நிமிடத்துக்கு ஒரு லீற்றர், அதாவது நிமிடத்துக்கு 0.1 வீத மட்டம். கட்டுப்படுத்தியின் நயம் Kc = 2. இரண்டையும் பெருக்கினால் K = 0.2. தொகையீட்டு நேரம் Ti = 20 நிமிடம். K·Ti = 4. இடைவெளி இல்லாவிட்டால் இது மிக நிதானமான அமைப்பு. மட்டம் ஊசலாடாமல் வந்து நிற்கும். சந்திப்பு நிபந்தனையைக் கோணமாகவும் பருமனாகவும் பிரித்தால் இரண்டு வரி கிடைக்கும். φ என்பது இடைவெளி தரும் பின்னடைவு.

```
ω·Ti = tan φ
K·Ti = sin φ · tan φ / |N|
```

இரண்டாவது வரியின் வலப்பக்கம் x-ஐ மட்டும் சார்ந்தது. x = 0.7 என்று இட்டால் 2.1 வருகிறது, 0.8 என்று இட்டால் 4.7 வருகிறது. எங்களுக்கு வேண்டிய 4, x = 0.78-க்குப் பக்கத்தில் கிடைக்கிறது. அங்கே tan φ = 1.35, ஆகவே ஒரு சுற்றின் காலம் 2π × 20 / 1.35, ஏறக்குறைய 93 நிமிடம். கட்டளையின் வீச்சம் 5 / 0.78, அதாவது 6.4 வீதம். அதைக் கட்டுப்படுத்தியின் வழியாகப் பின்னோக்கிக் கொண்டுபோனால் மட்டத்தின் வீச்சம் 2.6 வீதம். திரையில் இருந்ததும் அதுவே: 47 அரை, 52 அரை.

நயத்தை 0.5 ஆக்கினால் K·Ti = 1. அதே வழியில் x = 0.59, காலம் 158 நிமிடம், மட்டத்தின் வீச்சம் 10.6 வீதம். ஐம்பதிலிருந்து 10.6 கீழே என்றால் 39.4. பம்பியை நிறுத்தும் ஆளி 40-இல் இருக்கிறது. அன்றிரவு என்ன நடந்தது என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை. குறைத்தவுடன் ஒரு மணித்தியாலம் நன்றாக இருந்தது ஏன் என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது: சுற்று நீண்டுவிட்டது, மட்டம் ஆற அமரத்தான் விலகியது.

இந்த இரண்டு விடைகளையும் பக்கத்தில் வைத்தால் ஓர் எளிய விதி தெரியும். மட்டத்தின் வீச்சம் ஏறக்குறைய b/Kc: 5/2 = 2.5, 5/0.5 = 10. காரணமும் கணக்கில்லாமலே புரியும். முளை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போக, கட்டளை 10 வீதம் திரும்ப வேண்டும். அதைத் திருப்புவது மட்டத்தின் வழு, அதாவது மட்டம் 50-இலிருந்து விலகிய அளவு. நயம் சிறிதானால் அதே 10 வீதத்தைத் திருப்ப அதிக வழு வேண்டும், அதிக நேரமும் வேண்டும். அந்த நேரம் முழுவதும் வால்வு பிழையான இடத்தில் உறைந்து கிடக்கிறது, தாங்கி நிறைந்துகொண்டோ வடிந்துகொண்டோ இருக்கிறது.

எங்கே பிசகுகிறது

காலத்தை மட்டும் இந்த முறை சரியாகச் சொல்லவில்லை. 93 நிமிடம் என்றது கணக்கு, திரையில் இரண்டு மணித்தியாலம். ஆட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து நேரடியாகத் தீர்த்தால் 117 நிமிடம் வருகிறது, திரையோடு பொருந்துகிறது. விவரிப்புச் சார்பு ஐந்தில் ஒரு பங்கு குறைவாகச் சொல்லியிருக்கிறது. சிறிய நயத்தில் வழு குறைவு: 158-க்குப் பதிலாக உண்மையில் 171.

ஏன் என்று அலையின் வடிவத்தைப் பார்த்தால் தெரியும். நயம் 2 ஆக இருக்கும்போது, ஒவ்வோர் அரைச் சுற்றிலும் 46 நிமிடம் வால்வு அசையாமல் நிற்கிறது, 13 நிமிடம் மட்டுமே நகர்கிறது. அதன் அசைவு கிட்டத்தட்ட ஒரு சதுர அலை, சைன் அல்ல. சதுர அலையில் மூன்றாம் மேற்சுரம் அடிப்படையின் மூன்றில் ஒன்று. எங்கள் தடம் அதைக் கால் பங்குக்குச் சற்று மேலாகக் குறைக்கிறதே தவிர, விழுங்கிவிடவில்லை. இடைவெளியை அரும்பொட்டாகத் தாண்டுகிற இந்த நிலையில் அந்த மிச்சமே காலத்தை இழுத்துவிடப் போதுமானது. வீச்சம் மட்டும் இரண்டு கணக்கிலும் ஒரு வீத வித்தியாசத்துக்குள் ஒத்துப்போகிறது. ஆகவே இந்த முறையை நான் நம்புவது மூன்று கேள்விகளுக்கு: ஆட்டம் உண்டா, நயத்தை மாற்றினால் எந்தப் பக்கம் போகும், வீச்சம் எவ்வளவு. காலத்தை அது சொன்னால் இருபது வீதம் விட்டுக்கொடுத்துக் கேட்கிறேன்.

நோயை அடையாளம் காணவும் இந்த வடிவமே உதவுகிறது. கட்டளை ±6 வீதம் ஆடும்போது வால்வு உண்மையில் ±1 வீதம்கூட முழுதாக அசைவதில்லை. ஓட்டமானி 49-க்கும் 51-க்கும் இடையிலேயே நிற்கும். அதைப் பார்க்கிறவர்கள் ஓட்டம் அமைதியாக இருக்கிறது, வால்வில் பிழையில்லை என்று முடிவு செய்துவிடுவார்கள். ஆனால் நிமிடத்துக்கு ஒரு லீற்றர் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தொடர்ந்தால் ஐம்பது லீற்றர், அதாவது தாங்கியில் ஐந்து வீதம். ஓட்டத்தின் வரைபைப் பெரிதாக்கிப் பார்த்தால் தட்டையான மேடுகள் தெரியும், மட்டம் முக்கோணமாக ஏறி இறங்கும். தண்டு இறுகி ஒட்டிக்கொள்கிற வேறொரு நோயும் இதேபோல ஆட்டும், ஆனால் அங்கே ஓட்டம் ஒரே துள்ளலில் புதிய இடத்துக்குத் தாவும். இடைவெளியில் துள்ளல் இல்லை; முளை மறுபக்கத்தைத் தொட்டதும் வால்வு மோட்டாரின் வேகத்திலேயே மென்மையாக நகரத் தொடங்கும்.

என்ன செய்தோம்

இரண்டு தொகையீடுகளில் ஒன்று தாங்கியினுடையது, அதை எடுக்க முடியாது. மற்றது கட்டுப்படுத்தியினுடையது. அதை எடுத்துவிட்டோம். விகிதசமக் கட்டுப்பாடு மட்டும் இருந்தால் L(jω) = K/(jω). அது கற்பனை அச்சின் வழியே நேராக மேலேறி நடுவுக்கு வருகிறது. வேலி −1-க்கு இடப்பக்கத்தில் நிற்கிறது. சந்திப்பே இல்லை. மோட்டாரின் தாமதத்தையும் உணரியின் தாமதத்தையும் சேர்த்து அரை நிமிடம் என்று வைத்தாலும், நயம் 4-இல் L கோடு −0.2-க்கு இடப்பக்கம் போவதில்லை. ஆகவே நயத்தைக் கூட்டவே இடம் இருந்தது. 0.5-ஐ 4 ஆக்கச் சொன்னபோது அந்த இளைஞர் என்னை ஒருமுறை பார்த்தார், பிறகு தாளைப் பார்த்தார், மாற்றினார். மட்டம் ஓர் இடத்தில் வந்து நின்றது.

தொகையீடு இல்லாததற்கு ஒரு விலை உண்டு. மட்டம் சரியாக 50-இல் நிற்காது. பம்பியின் தேவை நாளுக்குள் 15 வீதம் வரை மாறுகிறது என்றால், அதற்கு 15/4, இடைவெளிக்கு 5/4, மொத்தம் 5 வீதம் வரை விலகி நிற்கலாம். ஆலையின் உரிமையாளர் அதைப் பற்றித்தான் கவலைப்பட்டார்: “திரையில் ஐம்பது என்று போட்டிருக்கிறது, அது 53-இல் நிற்கிறதே தம்பி.” இடைத்தாங்கி இருப்பதே உள்வரவுக்கும் வெளிப்போக்குக்கும் உள்ள வித்தியாசத்தைத் தாங்கிக்கொள்ளத்தான், அதன் மட்டம் 45-க்கும் 55-க்கும் இடையில் எங்கே நின்றாலும் பம்பிக்கு ஒன்றுதான் என்று விளக்கினேன். மட்டம் அச்சொட்டாக நிற்க வேண்டிய இடங்கள் உண்டு, கொதிகலனின் நீர்மட்டம் போல. அங்கே இந்த மருந்து பொருந்தாது. வால்வைத்தான் திருத்த வேண்டும்.

முளையையும் புஷ்ஷையும் பிறகு ஒரு கடைசற்காரர் புதிதாகக் கடைந்து தந்தார். கையியக்கத்தில் மறுபடி அளந்தபோது மொத்த இடைவெளி ஒரு வீதம். இடைவெளி முற்றாக மறைவதில்லை, ஆகவே தொகையீட்டைத் திரும்பப் போட்டால் கணக்கின்படி ஆட்டமும் திரும்ப வரவே செய்யும். ஆனால் b இப்போது 0.5. நயம் 2-இல் மட்டத்தின் வீச்சம் 0.25 வீதம், ஆயிரம் லீற்றரில் இரண்டரை லீற்றர். குழாயிலிருந்து தண்ணீர் விழும்போது மேற்பரப்பில் எழும் சிற்றலையே உணரியில் அதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. உரிமையாளர் 50-ஐப் பார்க்க ஆசைப்பட்டதால் பிஐ அமைப்பை அதே 2, அதே 20 நிமிடத்தில் திரும்ப வைத்தோம். கட்டுப்படுத்தியின் அட்டையில் இரண்டு வரி எழுதி ஒட்டினோம்: ஆட்டம் இரண்டு மணித்தியாலச் சுற்றில் கண்ணுக்குத் தெரியத் தொடங்கினால் நயத்தைத் தொடாமல் முளையின் இடைவெளியை அளக்கவும்; மட்டத்தின் வீச்சத்தை 2-ஆல் பெருக்கினால் இடைவெளியின் பாதி கிடைக்கும்.